முப்பது பிள்ளைகள், ஒரே பயிற்சியாளர்: ஐந்து நாள் முகாமை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். மே மாத விடுமுறையில் ஐந்து நாள் விளையாட்டு முகாம் நடத்தப் போகிறேன். பள்ளி மைதானம் கிடைத்துவிட்டது. 6 வயதிலிருந்து 15 வயது வரை 30 பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி தர நான் ஒருவன்தான். வயதுவாரியாகப் பிரித்தால் ஒரு குழுவைப் பார்க்கும்போது மற்ற இரண்டும் கலைந்துவிடும். எல்லோரையும் சேர்த்து ஆட விட்டால் சின்னப் பிள்ளைகளுக்கு அடிபடும். எப்படித் திட்டமிடுவது?

பதில்:

பிள்ளைகளை மைதானத்தின் மூன்று மூலைகளுக்குப் பிரித்து அனுப்பாமல், வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள். உங்கள் சிக்கலில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒரே ஆள் நடத்தும் முகாம்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது எல்லா வயதுப் பிள்ளைகளையும் ஒரே நேரத்துக்கு வரச்சொல்லி, ஒரே நேரத்துக்கு அனுப்புவதால்தான்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 6 முதல் 8 வயது வரை 8 பேர், 9 முதல் 11 வரை 12 பேர், 12 முதல் 15 வரை 10 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் 10 பேரையும் காலை 6.15-க்கு வரச்சொல்லுங்கள். மற்ற 20 பேரும் 7 மணிக்கு வரட்டும். சின்னவர்கள் 8.15-க்கு வீட்டுக்குப் போகட்டும். மீதி 22 பேரும் 9 மணி வரை இருக்கட்டும். மேயில் நம் பக்கம் 6 மணிக்கெல்லாம் நன்றாக வெளிச்சம் வந்துவிடும். கத்திரி வெயிலில் 9 மணிக்கு மேல் மைதானத்தில் எதுவும் வேண்டாம். மாலையில் வைக்கலாமா என்று யோசிப்பீர்கள். கோடை மழை நம் பக்கம் பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் இடியோடு வரும். திறந்த மைதானத்தில் 30 பிள்ளைகளை வைத்துக்கொண்டு இடியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதனால் காலைதான் சரி.

இப்படிப் பிரித்தால் 30 பேரும் சேர்ந்து இருப்பது 75 நிமிடம் மட்டும். உங்கள் முழுத் திட்டமும் அந்த 75 நிமிடத்தைச் சுற்றித்தான் இருக்க வேண்டும்.

முதல் 45 நிமிடம் பெரியவர்களுக்கே உரியது. அதில் அவர்களுக்கு உண்மையான பயிற்சி கொடுங்கள்: வேக ஓட்டம், திசை மாற்றி ஓடுவது, கோ-கோவில் ஓட்டக்காரர் ஏமாற்றித் திரும்பும் விதம், இப்படி ஏதாவது அவர்களுக்குச் சவாலாக இருக்கட்டும். கடைசி 10 நிமிடத்தில் மட்டும் அன்றைக்குச் சின்னவர்களுடன் நடக்கப்போகும் விளையாட்டுகளை அவர்களை வைத்தே ஒருமுறை ஆடிப் பார்த்துவிடுங்கள். பெரிய பிள்ளைகளை உதவியாளர்களாக மட்டும் வைத்தால் மூன்றாம் நாள் வரமாட்டார்கள். தங்களுக்கும் ஏதோ கிடைக்கிறது என்று தெரிந்தால் சின்னவர்களை நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பொறுப்பும் குறுகலாக இருக்க வேண்டும். யார் முறை என்று சொல்வது, எண்ணிக்கை வைப்பது, பந்தை எடுத்துக் கொடுப்பது, இந்த மூன்று போதும். கண்டிக்கும் வேலையையும் தண்டனை கொடுக்கும் வேலையையும் ஒருபோதும் கொடுக்காதீர்கள். 14 வயதுப் பையனிடம் அந்த அதிகாரம் போனால் இரண்டாம் நாளே ஒரு சின்னப் பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்குப் போகும்.

7 மணிக்கு எல்லோரும் வந்ததும் நான்கு அணிகள். ஒவ்வொரு அணியிலும் சின்னவர் 2 பேர், நடு வயதினர் 3 பேர், பெரியவர் 2 அல்லது 3 பேர். இரண்டு அணியில் 8 பேரும் இரண்டு அணியில் 7 பேரும் வருவார்கள். இந்த அணிகளை ஐந்து நாளும் மாற்றாதீர்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை வந்திருந்தால் வேறு வேறு அணியில் போடுவது நல்லது. ஒரே அணியில் இருந்தால் வீட்டுச் சண்டை மைதானத்துக்கு வந்துவிடும். ஆறு வயதுக் குழந்தை அக்காவை விட்டு நகரவே மறுத்தால் மட்டும் முதல் நாளில் விட்டுக்கொடுக்கலாம். துணிக்கடையில் வெட்டித் தள்ளும் துண்டுத்துணியை வாங்கி மணிக்கட்டில் கட்டிவிடுங்கள்: சின்னவர்களுக்கு மஞ்சள், நடுவில் இருப்பவர்களுக்குப் பச்சை, பெரியவர்களுக்குச் சிவப்பு. இந்த நிறம் எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

இனி மைதானம். நான்கு இடம் குறித்துக்கொள்ளுங்கள். நான்கும் உங்கள் முன்னால் அரைவட்டமாக இருக்க வேண்டும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தலையை மட்டும் திருப்பினால் நான்கும் தெரிய வேண்டும். உங்கள் முதுகுப்பக்கம் சுவரோ வேலியோ இருக்கட்டும், பிள்ளைகள் யாரும் இருக்கக் கூடாது. கிணறு, தண்ணீர்த் தொட்டி, ரோட்டுப்பக்க வாசல் இருந்தால் அதற்குத் தூரமான பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பேசும்போது சூரியனைப் பார்த்து நீங்கள் நில்லுங்கள், பிள்ளைகளுக்குச் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். கண் கூசினால் அவர்கள் எதையும் கேட்கமாட்டார்கள்.

நான்கு இடங்களில் மூன்று தானாக ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும்தான் நீங்கள் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள். தானாக ஓடுவது என்றால், ஒருமுறை காட்டினால் போதும், விதியைப் பற்றிச் சண்டை வராது, யாரும் சும்மா நிற்கவும் மாட்டார்கள். முதல் இடத்தில் பழைய சைக்கிள் டயரைத் தரையில் போட்டு, டென்னிஸ் பந்தை அதற்குள் எறிவது. சுண்ணாம்புத் தூளில் 3 மீட்டர், 5 மீட்டர், 8 மீட்டரில் மூன்று கோடு போட்டு, மஞ்சளுக்கு முதல் கோடு, பச்சைக்கு இரண்டாவது, சிவப்புக்கு மூன்றாவது என்று வைத்துவிடுங்கள். விழுந்தால் எல்லோருக்கும் ஒரே புள்ளி. ஆறு வயதுப் பிள்ளை போட்டதும் பதினைந்து வயது அண்ணன் போட்டதும் அணிக் கணக்கில் ஒன்றுதான் என்பதால், அந்த அண்ணனே முட்டி போட்டு உட்கார்ந்து எப்படி எறிவது என்று சொல்லிக்கொடுப்பான். இரண்டாவது இடத்தில் கயிறு தாண்டுதல். பெரியவர்கள் நீளக் கயிற்றைச் சுற்ற, மற்றவர்கள் தாண்டட்டும். சின்னவர்களுக்குக் கயிற்றைச் சுற்றாமல் தரையில் பாம்பு மாதிரி ஆட்டினால் போதும். மூன்றாவது இடத்தில் ஓடிப்போய்க் கல் எடுத்துவந்து வட்டத்தில் வைப்பது. தூரத்தை இங்கேயும் நிறப்படி மாற்றிக்கொள்ளலாம்.

நான்காவது இடம் உங்களுடையது. அதில் கோ-கோ கற்றுக்கொடுங்கள் என்பது என் யோசனை. பந்து வேண்டாம், செலவு இல்லை, உடல் எடை பெரிதாகக் கணக்கில் வராது, குள்ளமான பிள்ளை சட்டென்று திரும்புவதில் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரராக இருக்கும்.

நேரக் கணக்கு இப்படி வரும்: எல்லோரும் சேர்ந்து உடலைச் சூடாக்கும் ஓட்டம் 10 நிமிடம். ஒவ்வொரு இடத்திலும் 11 நிமிடம், நான்குக்கும் 44. இடம் மாற மூன்று முறை 2 நிமிடம், அது 6. நடுவில் தண்ணீருக்கு 5. கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு விளையாட்டு 10. கூட்டினால் சரியாக 75. சூடாக்கும் விளையாட்டிலும் கடைசி விளையாட்டிலும் தொடப்பட்டவர் வெளியே போகும் வகை வேண்டாம். முதலில் வெளியே போவது எப்போதும் சின்னவர்கள்தான். அப்புறம் அவர்கள் மீதி நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், பிறகு எழுந்து எங்கேயோ போவார்கள். தொடப்பட்டவர் தன் அணி இடத்துக்கு ஓடி ஐந்து முறை குதித்துவிட்டுத் திரும்ப வரலாம் என்று வையுங்கள்.

இப்போது கோ-கோ. முதல் நாள் உங்கள் இடத்தில் உட்காருவதும் எழுவதும் மட்டும். வரிசையில் அடுத்தடுத்து இருப்பவர்கள் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துக் குந்தி உட்கார வேண்டும். எழுந்தவர் தான் பார்க்கும் பக்கமாகத்தான் ஓட வேண்டும், நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, ஒரு திசை எடுத்துவிட்டால் கம்பத்தைச் சுற்றாமல் திரும்பக் கூடாது. இதை நடந்து நடந்தே பழக்குங்கள். கம்பத்துக்காக மூங்கில் குச்சி நட வேண்டாம். ஓடிவரும் சின்னப் பிள்ளையின் முகத்துக்கு நேராக அதன் முனை இருக்கும். இரண்டு முனையிலும் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் கால் வைத்துத் திரும்பலாம் என்று சொன்னால் போதும்.

இரண்டாம் நாள் ‘கோ’ கொடுப்பது. இதில்தான் அடிபடும். குந்தியிருக்கும் பிள்ளையைப் பின்னாலிருந்து வேகத்தோடு தள்ளினால் முகம் குப்புறத் தரையில் விழும். நம் பக்கத்துச் செம்மண் தரையில் சரளைக்கல் வேறு. உள்ளங்கையை விரித்து முதுகில் தொட்டு, அதே நேரத்தில் சத்தமாகக் ‘கோ’ சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். தள்ளினால் அந்தக் கோ செல்லாது, திரும்பக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு விதியை முதலிலிருந்தே தளர்த்தாமல் பிடித்துக்கொண்டால் தள்ளுவது அன்றைக்கே நின்றுவிடும்.

மூன்றாம் நாளைக் குறைவாக வையுங்கள். பழக்கமில்லாமல் ஓடிய பிள்ளைகளுக்குத் தொடை, கெண்டைக்கால் வலி இரண்டாம் நாள் தொடங்கி மூன்றாம் நாள்தான் மிக அதிகமாக இருக்கும். அன்று காலை உட்கார்ந்து எழும்போது முகத்தைச் சுளிக்கிறார்களா, படியில் பக்கவாட்டில் இறங்குகிறார்களா என்று பாருங்கள், தெரிந்துவிடும். அன்றைக்குக் கயிறு தாண்டுவதை எடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே பந்து பிடிக்கும் விளையாட்டு ஒன்றைப் போடுங்கள். உங்கள் இடத்தில் ஓட்டக்காரர் எப்படி வளைந்து தப்பிப்பது என்பதை நடை வேகத்தில் காட்டினால் போதும்.

நான்காம் நாள் ஆட்டம். அன்று இடம் மாறும் முறையை விட்டுவிடுங்கள். இரண்டு அணிகள் 25 நிமிடம் கோ-கோ ஆடட்டும், மற்ற இரண்டும் பக்கத்திலேயே டயரில் எறிவது, கல் எடுப்பது. பிறகு மாற்றிக்கொள்ளட்டும். முழு அளவு மைதானத்தில் உட்காருபவர் 8 பேர், துரத்துபவர் ஒருவர். உங்கள் அணியில் 7 அல்லது 8 பேர்தான் என்பதால் உட்காருபவர் 6 அல்லது 7, அதற்கேற்ப நீளத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஓட்டக்காரர்கள் மும்மூன்று பேராக வருவார்கள். ஒவ்வொரு மூவரிலும் முடிந்தவரை ஒரு மஞ்சள், ஒரு பச்சை, ஒரு சிவப்பு.

நிறம் எதற்கு என்றேனே, இதற்குத்தான். சிவப்புத் துணி கட்டியவர் மஞ்சள் துணி கட்டிய ஓட்டக்காரரைத் தொடக் கூடாது. மஞ்சளும் பச்சையும் யாரை வேண்டுமானாலும் தொடலாம். இந்த ஒரே விதி ஆட்டத்தையே மாற்றிவிடும். ஒரு உதாரணம் பாருங்கள். 14 வயதுப் பெண் துரத்துகிறாள், முன்னால் ஓடுவது 7 வயதுப் பையன். நான்கு எட்டில் பிடித்துவிடுவாள், ஆனால் விதிப்படி தொடக் கூடாது. அந்தப் பையன் எந்தக் கட்டத்துக்கு எதிரே போகிறான் என்று பார்த்து, அங்கே அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் மஞ்சளுக்கோ பச்சைக்கோ சரியான நேரத்தில் கோ கொடுக்க வேண்டும். கோ-கோவில் கெட்டிக்காரத்தனமே அந்த நேரம் பார்ப்பதில்தான் இருக்கிறது. வேகத்தை மட்டும் நம்பி ஆடும் பெரிய பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்ள வேறு வழி தேட வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைக்கும் மோதல் பயம் இல்லை, தன் கைக்கும் கோ வருகிறது. ஐந்தாம் நாள் பெற்றோரைக் கூப்பிட்டு இதே ஆட்டத்தையே ஆடிக் காட்டுங்கள். கடைசி நாளுக்கென்று புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

8.15-க்கு மேல் இருக்கும் 45 நிமிடத்தில் கபடி கேட்பார்கள். நம் ஊரில் கேட்காமல் இருக்கமாட்டார்கள். கொடுங்கள், ஆனால் முந்தின நாள் மாலையே தண்ணீர் தெளித்து, மண்வெட்டியால் கொத்தி, கல்லைப் பொறுக்கிய தரையில் மட்டும். எடை பார்க்கும் மிஷின் ஒன்று கடன் வாங்கி 22 பேரையும் முதல் நாளே எடை போட்டுக்கொள்ளுங்கள். எடை வித்தியாசம் 5 கிலோவுக்குள் இருப்பவர்கள்தான் ஒருவரை ஒருவர் பிடிக்கலாம். அதற்கு மேல் இருந்தால் தொடும் கபடி மட்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு. வயதைப் பார்த்துப் பிரித்தால் ஏமாந்துவிடுவீர்கள். 12 வயதில் 28 கிலோவும் இருக்கும், 50 கிலோவும் இருக்கும்.

அடுத்து, தனி ஆளாக நடத்துபவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய ஒன்று. ஒரு பிள்ளைக்கு அடிபட்டு நீங்கள் அதன் பக்கத்தில் மண்டி போட்டால், மற்ற 29 பேர் என்ன செய்வார்கள்? கூட்டமாகச் சுற்றி நிற்பார்கள், அல்லது இஷ்டத்துக்கு ஆடுவார்கள். இரண்டாவது பிள்ளைக்கு அடிபடுவது அப்போதுதான். அதற்கு ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நீண்ட விசில் என்றால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு, அணி அணியாக நிழலில் குறித்த கோட்டில் போய் உட்கார வேண்டும். அணியில் மூத்தவர் தலை எண்ணிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் இதை மூன்று நான்கு முறை பழக்குங்கள், அப்புறம் தினமும் ஒருமுறை. முதலில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அரை நிமிடத்துக்குள் உட்கார்ந்து எண்ணிச் சொன்னால்தான் பழகிவிட்டது என்று அர்த்தம். இதற்காக முதல் நாள் விளையாட்டு குறைந்தாலும் பரவாயில்லை. எப்படியும் பரீட்சை முடிந்து வீட்டுக்குள் இருந்த உடம்பு வெயிலுக்குப் பழக நாளாகும். முதல் இரண்டு நாள் ஓட்டம் குறைவாக இருப்பதே நல்லது.

தண்ணீரைத் தாகம் எடுக்கும்போது குடிக்கச் சொல்லி விடாமல், இடம் மாறும்போதெல்லாம் நான்கைந்து வாய் குடிக்கச் சொல்லுங்கள். 20 லிட்டர் கேன் இரண்டு வைத்தால் 30 பேருக்கும் போதும், மேலே ஊற்றவும் மிச்சம் இருக்கும். பாதிப் பிள்ளைகள் ஒன்றும் சாப்பிடாமல் வருவார்கள். காலை 8 மணிக்கு மயக்கமாக இருக்கிறது என்றால் பல நேரம் அது பசிதான். வந்ததும் ஒரு வாழைப்பழம், முடிந்து போகும்போது கேழ்வரகுக் கூழோ நீர்மோரோ. மயக்கம் என்று சொன்ன பிள்ளையை நிழலில் படுக்கவைத்துக் கொஞ்சம் குடிக்கக் கொடுங்கள். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டால் சரி, ஆனாலும் அன்றைக்கு அந்தப் பிள்ளை ஆட வேண்டாம். பேச்சு குழறினாலோ, பெயர் கேட்டால் சம்பந்தமில்லாமல் சொன்னாலோ, தள்ளாடினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ அது வெப்பத் தாக்கு. வியர்வை வருகிறதே என்று சமாதானம் ஆகிவிடாதீர்கள், ஓடி ஆடி வரும் வெப்பத் தாக்கில் வியர்வை இருக்கவே செய்யும். உடனே 108-க்கு அழைக்கச் சொல்லி, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு சரியில்லாத பிள்ளைக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

திட்டம் சரியாகப் போகிறதா என்பதை வரிசையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஒரு இடத்தில் மூன்று பேருக்கு மேல் முறைக்காகக் காத்து நின்றால் அந்த விளையாட்டுக்குப் பந்து போதவில்லை, இன்னொரு டயரைப் போட்டு வரிசையை இரண்டாக்குங்கள். சின்னவர்கள் மண்ணில் கோலம் போட ஆரம்பித்தால் 11 நிமிடம் அவர்களுக்கு அதிகம். பெரியவர்கள் விதியை மாற்றி ஆட ஆரம்பித்தால் விளையாட்டு அவர்களுக்குச் சுலபமாகிவிட்டது, அவர்கள் கோட்டைப் பின்னால் தள்ளுங்கள்.

கடைசியாக, 7 மணியிலிருந்து 9 மணி வரை உங்களைத் தவிர வயது வந்த இன்னொருவர் மைதானத்தில் இருந்தே ஆக வேண்டும். பயிற்சி கொடுக்கத் தெரிய வேண்டியதில்லை. வருகைப் பதிவு, பெற்றோர் போன் எண், யாருக்கு இளைப்பு, யாருக்கு வலிப்பு என்ற குறிப்பு எல்லாம் அவர் கையில் இருக்கும். கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும், 8.15-க்குச் சின்னவர்களை யார் வந்து அழைக்கிறார்கள் என்று பார்த்து அனுப்புவதும், அவசரத்துக்கு 108-க்குப் போன் செய்வதும் அவர் வேலை. பிள்ளைகளின் அம்மாக்களில் ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது. ‘இன்னைக்கு ஆடலங்கா’ என்று 13 வயதுப் பெண் காரணம் சொல்லாமல் போய் உட்கார அவர் பக்கத்தில் ஒரு இடம் இருக்கும். நாளுக்கு ஒரு அம்மா என்று முறை போட்டால் யாருக்கும் பாரமில்லை. அப்படி யாருமே கிடைக்கவில்லை என்றால் 6 முதல் 8 வயது வரை உள்ள எட்டுப் பிள்ளைகளை இந்த முறை சேர்க்காதீர்கள். அவர்கள் பெற்றோரிடம் காரணத்தை நேராகவே சொல்லுங்கள். மீதி 22 பேருக்கும் இதே திட்டம் பொருந்தும். அணியில் ஐந்தாறு பேர் என்று ஆகும், நிற விதி பச்சைக்கும் சிவப்புக்கும் இடையில் இருக்கும், 8.15-க்கு யாரையும் அனுப்ப வேண்டியிருக்காது.